பன்னிரண்டு பேர் ஏன் என்ற கேள்வி

“ஆய்வு எண் ஏழு. எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற மாதிரி அளவுக்குத் தந்த காரணம் போதாது. திருத்தி மறுபடி வைக்கவும்.” ஆடி மாதம், பௌர்ணமிக்குப் பதினொரு நாள் முன், புதன்கிழமை என்று மேலே போட்டு என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். வேங்கிக்கால் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவில் பொதுஜன உறுப்பினன் நான். மருத்துவம் படிக்காத ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி.

அன்று காலை வராந்தாவில் அந்த ஆய்வை வைத்த முதுநிலை மாணவி கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரிவலம் முடித்துவரும் பெண்களின் கால்வலிக்கு வெந்நீர் உப்புக் குளியல் கேட்குமா, சாதாரணத் தண்ணீரே போதுமா என்பது அவள் ஆய்வு. அடி அண்ணாமலையில் பந்தல் போட இடம்கூடப் பேசிவைத்திருந்தாள்.

“இன்னைக்கு கையெழுத்து ஆயிடணும்ங்க. இந்தப் பௌர்ணமிய விட்டா தீசிஸ் தேதி தாண்டிடும். எனக்கு ஆறு மாசம் போச்சு” என்றாள்.

உள்ளே தலைவர், ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், பக்கங்களைப் புரட்டினார். “முன்னோட்ட ஆய்வு. ஒரு குரூப்புக்கு பன்னெண்டு பேர். ஏம்மா பன்னெண்டு? பதினொண்ணு ஆகாதா?”

“ஆகும் சார். ஒவ்வொரு ஆளு சேரச் சேர நம்ம மதிப்பீடு உறுதியாகும். பன்னெண்டு வாக்குல வந்தப்புறம், ஒரு ஆள் கூடுறதால கிடைக்கிற லாபம் கம்மியாயிடும். அதனால அது பொதுவா எடுக்கிற தோராய விதி. முப்பதுன்னு எடுக்கிறவங்களும் இருக்காங்க. மறுநாள் காலைல வலி எப்படின்னு கேக்கறப்ப போன் எடுக்காதவங்க இருப்பாங்கன்னு பதினஞ்சு பேரா சேர்த்துக்கிறேன்.”

“தோராயமா?” தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். “நீ என்ன பிரியாணி மாஸ்டரா, கண்ணளவுல போட?”

சிரித்தார்கள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியையும் சிரித்தார்.

“கணக்கு போட்டுக் காட்டு” என்று மார்க்கரை நீட்டினார் தலைவர்.

“கணக்குக்கு வலி மார்க் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறும்னு தெரியணும் சார். இங்க யாரும் அளந்தது இல்ல. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வே.”

“தெரியாதுன்னா எதுக்கு வந்த?”

அவள் ஒருமுறை குழுவில் இருந்த புள்ளியியல் ஆலோசகரைப் பார்த்தாள். பன்னிரண்டு என்று போன வாரம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கோப்பின் ஓரத்தில் அவர் சுருக்கொப்பம் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, “கணக்கு இருந்தா இன்னும் நல்லாத்தான் இருக்கும் சார்” என்றார்.

அவள் எழுந்து பலகைக்குப் போனாள். வெந்நீர்க் குழுவுக்கும் சாதாரணத் தண்ணீர்க் குழுவுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிதறலில் பாதி இருக்கும் என்று ஊகித்து, இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எண்பது சத வாய்ப்பு, இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிட ஐந்து சத வாய்ப்பு என்ற வழக்கமான அளவுகளை வைத்துப் போட்டாள். குழுவுக்கு அறுபத்துநான்கு வந்தது. அங்கேதான் தவறு செய்தாள். அது ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா என்று முடிவுகட்டும் பெரிய ஆய்வுக்கான கணக்கு. மக்கள் சம்மதிப்பார்களா, மறுநாள்வரை நிற்பார்களா, சிதறல் எவ்வளவு என்று பார்க்கும் சின்ன ஆய்வுக்கு அது பொருந்தாது. அவளுக்கும் தெரியும். மார்க்கர் கையில் இருந்தது, எழுதிவிட்டாள்.

“நூத்தி இருபத்தெட்டு பேரு! இதுக்குப் பேரு முன்னோட்டமா?” தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “காகிதத்துல பன்னெண்டு, பலகைல அறுபத்துநாலு. டீ வர்றதுக்குள்ள இன்னொண்ணு சொல்லுவியா?”

ஒரு புத்தகத்தில் இந்தப் பன்னிரண்டு பேர் விதியைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். அவள் முதலில் சொன்னது சரி என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். தலைவர் என் பக்கம் திரும்பி, “அய்யா, நீங்க எதாச்சும்?” என்று கேட்டார்.

“ஒப்புதல் படிவத்துல எழுத்து ரொம்பப் பொடியா இருக்குங்க” என்றேன்.

“பாரு, அதுவும் சரியில்ல” என்றார் தலைவர்.

அவள் பலகையைத் துடைத்துவிட்டுப் போனாள். பௌர்ணமி வந்தது, போனது. பந்தல் போட்டார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த அமர்வு ஆவணியில். அதே வளாகத்து உதவிப் பேராசிரியர் ஒருவரின் முன்னோட்ட ஆய்வு வந்தது. குழுவுக்குப் பன்னிரண்டு பேர், அதே காரணம். “பன்னெண்டு. எல்லாரும் எடுக்கிறதுதானே” என்று தலைவர் கையெழுத்திட்டார். நான்கு நிமிடம் என்று குறித்திருக்கிறேன். புள்ளியியல் ஆலோசகர் தலையாட்டினார். நானும் கையெழுத்திட்டேன்.

ஏழாம் எண் மறுபடி வைக்கப்படவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, “அந்தப் பொண்ணு லீவுல போச்சுங்க, திரும்பி வரல” என்றார் எழுத்தர். படிப்பையே விட்டுவிட்டாள் என்று ஒருவரும், வேறு தலைப்பில் எழுதித் தேறினாள் என்று இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை நான் சரிபார்க்கவில்லை.