பொன்னம்மா தேடிய வழுவழுத் தண்டு

காஜா பேராங் வட்டாரத்தில் பொன்னம்மாவின் கை படாத லோங்காங் ஓரம் கிடையாது. நகரசபைக்காக அந்தச் சாக்கடைக் கால்வாய்க் கரைகளில் களை பிடுங்குவது அவள் வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்தவள். ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே கூடை, அதே குனிந்த முதுகு. "கொடி மாறினா புல்லு மொளைக்காம போயிருமா?" என்பாள்.

எல்லாவற்றையும் பிடுங்குவாள், துளசியைத் தவிர. அதைக் கண்டுகொள்ளும் கெட்டிக்காரத்தனம் இருக்கிறதே, அதற்கே அவளைக் கும்பிடலாம். கண்ணால் பார்க்க மாட்டாள். தண்டின் இளநுனியை இரண்டு விரலால் உருட்டுவாள், அவ்வளவுதான். தண்டு நாலு பட்டையாக இருந்தால் துளசி என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"புதினாவுக்கும் நாலு பட்டைதான். அதையும் சுத்திக் கும்பிடுவியா?"

பட்டை குடும்பத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. ஆளைக் காட்டுவது ரோமம். பச்சைத் துளசியோ கருந்துளசியோ, இளந்தண்டிலும் இலையிலும் மெல்லிய பூனைமயிர் படர்ந்திருக்கும். நாய்த்துளசியின் ரோமம் முரடு, விரலில் உறுத்தும். மலாய்க்காரர் செலாசி என்று சொல்லும் திருநீற்றுப்பச்சிலைக்கோ தண்டும் வழுவழு, இலையும் வழுவழு.

பக்கத்து வீட்டு மல்லிகாவின் கணவன் ஜெயபாலனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. கடுதாசி இல்லை. மல்லிகா தினமும் வாசலில் ஒரு தகரத்தில் வளர்ந்த துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, அவன் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். வளரும் பூக்கதிரையெல்லாம் கிள்ளிக் கிள்ளி அதைத் தழைய வைத்திருந்தாள்.

ஒருநாள் பேச்சுவாக்கில் பொன்னம்மாவின் விரல் அந்தச் செடியில் பட்டது. வழுவழு. செலாசி!

பாவி மகள் ஏழு மாதமாக வேறெதையோ சுற்றிக்கொண்டிருக்கிறாளே என்று பொன்னம்மா விரலை இழுத்துக்கொண்டாள். சொன்னால், அதனால்தான் அவன் வரவில்லை என்று அந்தப் பெண் இடிந்துபோவாள். சொல்லாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. புதன்கிழமை காலை மல்லிகா பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நிற்கப் போனதும், கம்போங் செட்டிக் குடியிருப்பின் சந்தில் தான் விட்டுவைத்திருந்த நல்ல துளசி ஒன்றை மண்ணோடு பெயர்த்து வந்து தகரத்தில் நட்டாள். பழையது களைக்கூடைக்குப் போய், கூடை குப்பைமேட்டுக்குப் போனது. புண்ணியம் செய்த நிம்மதியில் வெற்றிலைகூடப் போட்டாள்.

அரிசிப் பையோடு வந்த மல்லிகா தகரத்தின் முன்னால் குனிந்தவள் நிமிரவில்லை. தண்டைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இது என் செடி இல்லை. எங்க அது?"

பொன்னம்மாவுக்கு வேறு வழியில்லை. "அது துளசியே இல்லை லா, மல்லிகா. வெறும் செலாசி. உன் வேண்டுதல் வீணாப் போகுதேன்னு மாத்தி வச்சேன்."

"எனக்குத் தெரியும் அக்கா. கம்போங்கில ஒரு மலாய்க்கார அம்மா அப்பவே சொன்னாங்க. லாரி வர்றதுக்கு மொத நாள் அவருதான் நட்டுக் குடுத்தாரு. நாலு பட்டையா இருக்கு, துளசிதான்னு அவ்வளவு பெருமையா சொன்னாரு." தகரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவரு கை வச்சது அது ஒண்ணுதான் மிச்சம்."

பொன்னம்மா ஓடினாள். அன்றைக்குத்தான் குப்பைமேட்டுக்கு நெருப்பு வைக்கும் நாள். ஒரு மூலை ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. ஆறு பேர் கொட்டிய களை. வெயிலில் எல்லாம் ஒரே வதங்கல், ஒரே நிறம். நாய்த்துளசியும் செலாசியும் கசங்கி வாசனையும் கலந்துவிட்டது. பார்த்தும் பயனில்லை, முகர்ந்தும் பயனில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

உருண்டைத் தண்டு, தள்ளு. நாலு பட்டை, முரட்டு ரோமம், தள்ளு. மறுபடி நாலு பட்டை, மறுபடி முரடு. இருபது வருஷமாகப் பிடுங்கித் தள்ளியதையே இன்று பிள்ளையைத் தேடுவதுபோல் தேடினாள். புகை கண்ணைக் கரித்தது. கடைசியில் விரலில் தட்டியது: நாலு பட்டை, வழுவழு. கதிர் கிள்ளிய வடுக்கள் வரிசையாக இருந்தன. மல்லிகாவின் நகம் பட்டவை.

வேர் நசுங்கிப்போயிருந்தது. பொன்னம்மா கலங்கவில்லை. உயிரிருந்த இளங்கொம்பைக் கிள்ளி, அடியிலைகளை உருவி, தண்ணீர்க் குவளையில் நிறுத்தினாள். இரண்டு பெண்களும் பத்து நாள் அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோராம் நாள் கணுவில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. மல்லிகா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தத் தகரத்தில் அதற்கப்புறம் இரண்டு செடி.

போர் முடிந்தது. ஜெயபாலன் வரவில்லை. அவன் நட்ட செலாசியின் கொம்பு மட்டும் கிள்ளக் கிள்ள வேர்விட்டு, தகரத்துக்குத் தகரம் மாறிக்கொண்டிருந்தது.

பொன்னம்மா மறுபடி லோங்காங் கரையில்தான் இருந்தாள். ஒருநாள் அவள் களைக்கு நடுவே ஒரு செடியை விட்டுவிட்டு நகர்வதைப் பார்த்த மேற்பார்வையாளர், "என்னம்மா, துளசியா?" என்று கேட்டார்.

விரலை இன்னும் அந்த வழுவழுத் தண்டிலிருந்து எடுக்காமல் அவள் சொன்னாள்: "இல்லைங்க. ஒருத்தர் வீட்டுச் செடி."