பதினெட்டு வருஷக் கணக்கு

பாய்லர் மெக்கானிக்கின் கடைசி வேலைநாள். ஓய்வூதிய அலுவலகத்தில் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மொத்தமா வாங்கினா இருபது லட்சம். இல்லேன்னா நீங்க இருக்கிற வரைக்கும் மாசம் பதினஞ்சாயிரம், அதுக்கப்புறம் யாருக்கும் கிடையாது," என்றார் அலுவலர். "ஆறு சதவீத வட்டி வெச்சு இன்னைய மதிப்புக்குக் கொண்டுவந்தா, இருபத்தஞ்சு வருஷத்துப் பென்ஷன் இருபத்துமூணு லட்சத்துக்கு மேல. பதினெட்டு வருஷம் தாண்டி கொஞ்ச மாசத்துலயே ரெண்டும் சமமாயிடும்."

"இவங்கப்பா தொண்ணூறு வரைக்கும் இருந்தாரு. மாசாமாசமே வாங்கிக்கலாம்," என்றாள் மனைவி.

நுரையீரல் பத்து வருஷம் தாங்கினாலே பெரிது என்று டாக்டர் சொன்னதை மெக்கானிக் மூன்று மாதமாக நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்.

"பத்து வருஷம்னா எவ்வளவு சார்?"

அலுவலர் கால்குலேட்டரைத் தட்டினார். "பதிமூணரை லட்சம்."

"அப்ப மொத்தமாவே குடுத்துடுங்க."

மனைவி வெடுக்கென்று திரும்பினாள். "அதென்ன பத்து?"

அவர் இருமிக்கொண்டே படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, படியிறங்கும்போது எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு இருவரும் பஸ் ஏறவில்லை. நின்று நின்று, வீடுவரை நடந்தே போனார்கள்.