யானை கேரட்டை என்ன செய்தது?

நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகம் சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ளவர்கள் என் பொறுப்பு. அந்த வயதில் பாதிச் சொற்கள் வாயில் நுழையாது. ‘என்னுது’ என்ற ஒரு சொல் மட்டும் சுத்தமாக வரும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் எந்த வீட்டிலும் பதில் கிடைக்காது.

இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலை. குழந்தையின் கையில் எப்போதும் ஒரு டீ வடிகட்டி இருக்கும். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கைப்பிடி, வலையில் ஒரு பக்கம் சின்னக் கிழிசல். பொம்மைகள் கூடை நிறையக் கிடக்க, இவளுக்கு அந்த வடிகட்டிதான் உலகம். அதன் வழியாக என்னைப் பார்ப்பாள், ஃபேனைப் பார்ப்பாள், பருப்புச் சாதத்தைப் பார்ப்பாள். யாராவது தொட்டால் கடிப்பாள். ஒப்புக்குக் கடிக்கிற கடி இல்லை, பல் பதிகிற கடி.

கடிபட்டவர்களில் முக்கியமானவன் அவள் வயதுப் பையன் ஒருவன். எத்தனை தடவை வாங்கினாலும் அவனுக்குப் புத்தி வராது. லாரி கொடுத்தால் வேண்டாம், பந்து கொடுத்தால் வேண்டாம், அந்த வடிகட்டி மட்டும் வேண்டும். ஒரு சாயங்காலம் அவன் அம்மா, கையிலிருந்த பல் தடத்தை ஃபோட்டோ எடுத்து எங்கள் மேடத்திடம் நீட்டினார். மேடம் அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாசம் பார்ப்போம், நிற்கவில்லை என்றால் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவேன் என்றார். ஏற்கெனவே வேறு இடங்களில் இதே கடிக்காக அனுப்பப்பட்டு வந்த குழந்தை அது. சேர்க்கும்போதே அவள் அம்மா என்னிடம், “இங்கயும் வேணாம்னு சொல்லிட்டா நான் வேலையை விட்டுட வேண்டியதுதான்க்கா” என்று சொல்லியிருந்தார்.

மேடத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் பல வருஷமாகச் சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துபவர். பொம்மைக் கதை சொல்லி எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை அழவே வைத்திருக்கிறாராம். பகிர்ந்துகொள்வது பற்றி ஒரு கதையை அவரே எழுதித் தந்தார். முயலிடம் ஒரு கேரட் இருக்கிறது. யானை கேட்கிறது. முயல் தர மறுக்கிறது. யானை அழுகிறது. முயல் மனம் மாறிக் கொடுக்கிறது. இருவரும் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். எல்லோரும் கை தட்ட வேண்டும்.

பொம்மை செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. என் மகனின் ஜோடி தொலைந்த வெள்ளை ஸ்கூல் சாக்ஸ் முயல் ஆனது. பட்டனில் கண் தைத்தால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள் என்பதால் மார்க்கரில் கண் வரைந்தேன். பேக்கரியில் பன் போட்டுத் தந்த காகிதப்பை யானை ஆனது. பையைக் கவிழ்த்துப் பிடித்தால் அதன் அடிப்பாகம் மடிந்து முன்னால் படிந்திருக்குமே, அதுதான் முகம். அதில் சாம்பல் நிறச் சார்ட் பேப்பரில் காதும் தும்பிக்கையும் ஒட்டினேன். உள்ளே கையை விட்டு விரலை அந்த மடிப்புக்குள் கொடுத்து ஆட்டினால் யானை வாயைத் திறந்து மூடும். ஆரஞ்சுத் துணியில் பஞ்சு அடைத்தது கேரட்.

மேஜைமேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். என் தலை பாதிக்கு மேல் தெரிந்தது. ஒரு பிள்ளைகூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் சாக்ஸின் மேல்தான். என் குரலைத் தினமும் கேட்கிறவர்கள், அதே குரல் சாக்ஸிலிருந்து வந்தால் அதை முயல் பேச்சு என்று நம்பினார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. கதை முடிந்ததும் மேடம், “முயல் நல்ல முயலா?” என்று கேட்டார். “ஆமா” என்று கத்தினார்கள். இதுகள் எதைக் கேட்டாலும் ஆமாதான் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். மேடத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்கத் தினமும் அதே கதை. அந்த வயதுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், அது சரிதான். நடந்ததுதான் சரியில்லை. சண்டை குறைவதற்குப் பதில் கூடியது. அதுவரை பேசாமல் பிடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள், இப்போது முயல் குரலில் “தரமாத்தேன்” என்று சொல்லிவிட்டுப் பிடுங்கினார்கள். பொம்மைகளை ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். தலையணை உறைக்குள் கட்டைகள், ஷூவுக்குள் ஒரு மாடு. அந்தச் சிறுமி வடிகட்டியைக் கவுனுக்குள் போட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பையனுக்கு இரண்டு கடி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பகிர்ந்துகொள்ளச் சொல்லித்தானே கதை? இதில் எங்கே தப்பு? மேடத்திடம் கேட்டால், நீ முயல் குரலில் இன்னும் கனிவு காட்டு என்றார். காட்டினேன். முயல் கனிந்து உருகியது. பிள்ளைகள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு நாள் கதை முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு, அந்தச் சிறுமி மட்டும் போர்வைக்குக் கீழே தவழ்ந்து என் பக்கம் வந்தாள். கழற்றி வைத்திருந்த யானைக்குள் கையைத் தோள்வரை விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்து வெறும் கையைப் பார்த்தாள்.

“கேரத் இல்ல” என்றாள்.

நான் பெரிய புத்திசாலி மாதிரி, “யானை சாப்ட்ருச்சுடா” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கவுனுக்கு மேலே வடிகட்டியை அழுத்திக்கொண்டு போயே போய்விட்டாள்.

பொம்மைகளை மூட்டை கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்ஸுக்குள் கட்டை விரல் ஒரு தாடை, மற்ற விரல்கள் ஒரு தாடை. அதனால் முயலால் எதையும் கவ்விப் பிடிக்க முடியும், கொடுக்க முடியும். காகிதப்பை யானைக்கு வாய் திறக்கும், ஆனால் பிடிப்பு கிடையாது. முயல் கேரட்டை நீட்டும், யானை வாயைத் திறக்கும், கேரட் நழுவி என் மடியில் விழும். அங்கேயே கிடக்கும். ‘ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டாங்க’ என்பது வெறும் என் வாய்ப் பேச்சு. பேச்சைப் பெரியவர்கள் கேட்பார்கள். இவர்கள் பார்க்கிறவர்கள். பார்த்தது என்ன? கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அது போய்விடும், அதற்கு எல்லோரும் கை தட்டுவார்கள். நானாக இருந்தாலும் கவுனுக்குள் ஒளித்துவைத்திருப்பேன்.

யானைக்கு ஓய்வு கொடுத்தேன். என் கணவரின் பழுப்பு சாக்ஸ் ஒன்று கரடியானது. கேரட்டையும் தூக்கிப் போட்டேன். தின்கிற பொருள் எப்படித் திரும்பி வரும்? அதற்குப் பதில் ஒரு பந்து. முயல் பந்தைக் கரடிக்குக் கொடுக்கும். “இப்போ உன் டர்ன்.” எல்லோரும் சேர்ந்து பத்து எண்ணுவோம், பாதிப் பேருக்கு மூன்றுக்குப் பிறகு எட்டு. எண்ணி முடித்ததும் கரடி பந்தைத் திருப்பிக் கொடுக்கும். “இப்போ உன் டர்ன்.” கதை அவ்வளவுதான். அழுகை இல்லை, மனமாற்றம் இல்லை. மேடத்துக்கு இதில் நீதியே இல்லை என்று வருத்தம்.

பிறகு சாக்ஸை மாட்டிக்கொண்டு சிறுமியிடம் போய் வடிகட்டி கேட்டேன். மனுஷிக்குத் தராதவள் கரடிக்குத் தந்தாள். கரடி உடனே திருப்பிக் கொடுத்தது. மறுபடி தந்தாள். இரண்டு எண்ணினோம், ஐந்து எண்ணினோம், பத்துக்கு வந்தோம். கரடியைப் பையன் கையில் மாட்டிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் சாக்ஸே இல்லாமல் அவனுக்கு நீட்டி, “உன் தன்” என்றாள். டர்ன் இவர்கள் வாயில் ‘தன்’ என்றுதான் வரும். அவன் வடிகட்டி வழியாக அவளைப் பார்த்தான். அவள் கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பத்து முடிந்ததும் அவன் அந்தக் கையில் வைத்தான். கடி நின்றது.

இதைச் சொல்லலாம் என்று வாசலில் அவள் அம்மாவுக்காக ஆவலாகக் காத்திருந்தேன். அவர் எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். மேடம் முன்பே அவரிடம் ஜாடையாகப் பேசியிருக்கிறார். ‘வேறு இடம் பாருங்கள்’ என்பதை இன்னொரு தடவை வாசலில் நின்று கேட்க வேண்டாம் என்று அவரே ஆபீஸ் பக்கத்தில் ஓர் இடம் பார்த்து முடித்துவிட்டார். இவள் இப்போது கடிப்பதே இல்லை என்றேன். “தெரியும்க்கா, வீட்லயும் எல்லாத்துக்கும் கைய நீட்டிகிட்டு நிக்கறா. ஆனா அங்க சேத்தாச்சு” என்றார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தலையை ஆட்டினேன்.

கடைசி நாள் சாயங்காலம் கேப் வாசலில் நின்று ஹார்ன் அடித்தது. அந்த நேரம் பார்த்து வடிகட்டி பையன் கையில். அவள் எதிரே கையை விரித்து நின்றிருந்தாள். எண்ண நேரமில்லை. இத்தனை நாள் பொறுமை கற்பித்த நான், அவன் கையிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கி அவளிடம் கொடுத்தேன். அவன் வீறிட்டான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதையில் இப்படி ஒரு இடமே இல்லையே என்று இருந்தது அந்த முகம். பிறகு வடிகட்டியை மறுபடி அவனிடமே கொடுத்தாள்.

“உன் தன்” என்றாள்.

அம்மா வந்து அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் அழவில்லை. அழாததால் அவர் எதையும் கவனிக்கவில்லை. தோளுக்கு மேலே எங்களைப் பார்த்தபடி, விரித்த கையை நீட்டிக்கொண்டே போனாள். நான் கூப்பிட்டேன். கேப் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது. ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை.

உள்ளே பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றுக்குப் பிறகு எட்டு போட்டு, தானே எண்ணி முடித்தான். வடிகட்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தெருப்பக்கம் நீட்டினான்.

“ஆன்ட்டி, அவ தன்” என்றான்.