மூக்கு மாஸ்டரும் மோந்து பார்த்த மச்சினனும்

என் ஜெராக்ஸ் கடைக்கும் மூக்கு மாஸ்டரின் காபிக் கடைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அங்கே யார் தும்மினாலும் இங்கே எனக்குக் கேட்கும். அதனால் இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதி காதில் விழுந்தது, மீதி என் கண் முன்னால் நடந்தது.

மாஸ்டருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பெரிய காபி வறுக்கும் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். கொட்டை வறுபடும்போது பத்தடி தள்ளி நின்றே, "இப்போ இறக்கு" என்பாராம். அரை நிமிஷம் தாமதித்தாலும் கரிந்துவிடும் என்று மூக்கே சொல்லிவிடுமாம். அந்த மூக்கை நம்பித்தான் சொந்தக் கடை போட்டார். துணைக்கு மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டார். மச்சினன் சாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள்.

கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் படுத்தார். எழுந்து வந்தவர் சூடான காபியையே நிறுத்திவிட்டார். "இந்த வெயில்ல சூடு யாருக்கு வேணும்? இனிமே கோல்ட் ப்ரூ மட்டும்தான்" என்றார். எனக்கு ஆச்சரியம். ஆனால் மனுஷன் புத்திசாலி, புதுசாக ஏதோ பிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் கடையில்தான் பாட்டிலுக்கு லேபிள் அச்சடித்தார், நான் ஏன் குறுக்கே பேசப் போகிறேன்?

சூடே காட்டாமல் காபியை ஊறவைத்து எடுக்கும் அந்தக் கோல்ட் ப்ரூ வேலையை அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். எல்லாம் தராசும் கடிகாரமும்தான். கொரகொரப்பாக அரைத்த தூள் ஒரு கிலோ, பச்சைத் தண்ணீர் ஐந்து லிட்டர். கேனில் போட்டுக் கிளறி, மூடி வைத்து, பதினாறு மணி நேரம் அதன் பக்கமே போக மாட்டார். முன்னாலேயே எடுத்தால் வெளுத்துப் புளிக்கும், ரொம்ப ஊறவிட்டால் கசந்து நாக்கைப் பிடிக்கும் என்பார். நேரம் ஆனதும் துணியில் ஒருமுறை, காகிதத்தில் ஒருமுறை வடிகட்டுவார். கிடைப்பது கெட்டிச் சாறு. அதை அப்படியே குடித்தால் ராத்திரி தூக்கம் அம்போதான். ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர். டம்ளர் நிறைய ஐஸ் போட்டால் ஐஸும் உருகுமே, அதனால் ஒன்றுக்கு ஒன்று போதும். பால் வேண்டுமென்றால் கேட்ட பிறகுதான் கலப்பார்.

"சாறு இறுக்கி மூடி ஃபிரிட்ஜ்ல இருந்தா ஒரு வாரம் தாங்கும் அக்கா. தண்ணி கலந்துட்டா ரெண்டு மூணு நாள்தான்" என்று எனக்குப் பாடம் எடுப்பார். அதனால் ஒவ்வொரு பாட்டிலிலும் வடிகட்டிய தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்கும். மூக்குக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மச்சினனுக்கு ஒரு பழக்கம். காலையில் கடை திறந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் மேஜைக்கு அனுப்புவான். மாஸ்டருக்கு அது பிடிக்காது.

"ஏன்டா மச்சான், மூக்கு மாஸ்டர் நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், நீ என்ன மோந்து பாக்குற?"

"சும்மாதான் மாமா."

அவனிடம் இன்னொரு குறையும் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறையாவது பாட்டிலைக் கவிழ்த்துவிடுவான். "கை தவறிடுச்சு மாமா" என்பான். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். "இவனுக்குக் கையா அது, சல்லடை!" என்று என்னிடம் வந்து புலம்புவார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே கசக்கிறது.

ஃபிரிட்ஜும் கிழடு. கதவின் ரப்பர் தளர்ந்து, தள்ளிச் சாத்தினாலும் மெல்லத் திறந்துகொள்ளும். மாற்றச் சொல்லி மச்சினன் பலமுறை சொன்னான். "பாத்துக்கலாம்" என்று மாஸ்டர் தட்டிக்கழித்தார். கடை சாத்தும்போது மச்சினன் ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போவான்.

ஒருநாள் காலை கடையில் நல்ல கூட்டம். மச்சினன் ஒரு முழுக் கேன் சாற்றைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தான். மாஸ்டர் பார்த்துவிட்டார். கேனில் ஒட்டிய லேபிளைப் பார்த்தால் தேதி முடிய இன்னும் நாள் இருக்கிறது.

"என்னடா பண்ற?"

"கை தவறிடுச்சு மாமா."

"கை தவறிச்சா? நீ சாய்ச்சுப் புடிச்சுக் கொட்டுறதை நான் என் கண்ணால பாத்தேன்டா! யாரு காசு இது? எவன் கடையை வளர்க்கணும்னு என் கடையைக் கவுக்கப் பாக்குற?"

அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்தான். காலிக் கேனைத் தொட்டி ஓரமாக நிமிர்த்தி வைத்தான்.

"என் மேல நம்பிக்கை இல்லாதவன் என் கடையில நிக்க வேண்டாம். கெளம்பு" என்றார் மாஸ்டர்.

அவன் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தான். என் கடையைத் தாண்டிப் போகும்போது, "வர்றேன் அக்கா" என்று மட்டும் சொன்னான். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவனிடம் நான் என்ன ஆறுதல் சொல்வது? தலையை ஆட்டினேன். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். கையில் யாரோ கொடுத்த ஆதார் நகல் வேலை இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அடுத்த வாரம், பண்டிகைக்கு விட்ட இரண்டு நாள் விடுமுறை முடிந்து மாஸ்டர் கடையைத் திறந்தபோது ஃபிரிட்ஜ் கதவு ஒரு விரல் அளவு திறந்து கிடந்தது. முட்டுக் கொடுக்கத்தான் ஆள் இல்லையே. உள்ளே எல்லாம் வெதுவெதுப்பு. மாஸ்டர் லேபிளைப் பார்த்தார், நாலு நாள் பாக்கி இருந்தது. கதவை அழுத்திச் சாத்தி, கயிற்றால் கட்டினார். மத்தியானத்துக்குள் பாட்டில்கள் மறுபடி ஜில்லென்று ஆகிவிட்டன. அவ்வளவுதான், சரியாகிவிட்டது என்று முடிவு கட்டினார். கெட்டுப்போனதைத் திரும்பக் குளிர வைத்தால் அது குளிர்ந்த கெட்டுப்போனதுதான் என்று இன்றைக்கு எனக்கே தெரியும்.

மாடி ஆபீசில் அன்று ஏதோ கூட்டம், முப்பது டம்ளர் கேட்டிருந்தார்கள். கலந்து அனுப்பிவிட்டு எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். வாயருகே கொண்டுபோனேன். ஈரத்துணியை மூட்டையில் கட்டி வைத்த மாதிரி ஒரு புளிச்ச வாடை.

"மாஸ்டர், என்ன இது இப்படி நாறுது?"

அவர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கினார். மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார். வறுக்கும் கூடத்தில் எப்படி நின்றிருப்பாரோ அப்படியே நின்றார்.

"அருமையா இருக்கே அக்கா" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை மறுபடி மூக்கருகே கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார். மாடியிலிருந்து ஆபீஸ் பியூன் தட்டோடு இறங்கி வந்தான். டம்ளர்கள் அப்படியே நிறைந்திருந்தன.

"காய்ச்சலோட போச்சு அக்கா" என்றார் மாஸ்டர். "திரும்பி வந்துரும் வந்துரும்னு பாத்தேன். வரவே இல்ல. மூக்கு மாஸ்டருக்கு மூக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என் ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பிறகு திடீரென்று அழுகையை நிறுத்தினார். "அக்கா, அவன் கை தவறலை" என்றார்.

எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. கவிழ்ந்த ஒவ்வொரு பாட்டிலும் எங்கள் இருவர் கண் முன்னாலும் வந்து நின்றது.

தனியாகப் போகத் தைரியமில்லை என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மச்சினன் ஊரின் அந்தக் கோடியில் ஒரு பெரிய காபிக் கடையில் சேர்ந்திருந்தான். பின்பக்கம் வரிசையாக ஸ்டீல் கேன்கள். அவன் கையில் தெர்மாமீட்டர். எங்களைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"எதிர்ல சாக்கடை உடைஞ்சுதே மாமா, அன்னைக்கே. நாங்கல்லாம் மூக்கைப் பொத்திட்டு ஓடினோம். நீங்க அங்கயே நின்னு வாடகை பேசிட்டிருந்தீங்க."

"ஏன்டா என்கிட்ட கேக்கல?"

"நீங்க மறைச்சு வெச்சதை நான் எப்படிக் கேக்குறது? நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"தப்புப் பண்ணிட்டேன்டா மச்சான். வந்துரு. ஃபிரிட்ஜ் புதுசு வாங்கிடறேன். நீ மோந்து பாத்துச் சொன்னா சொன்னதுதான்."

அவன் கேனின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "இங்க அதுக்குத்தான் மாமா என்னை வெச்சிருக்காங்க. சரியில்லைன்னா சரியில்லைன்னு சத்தமா சொல்லலாம். கை தவறிடுச்சுன்னு பொய் சொல்ல வேண்டியதில்ல."

மாஸ்டர் தலைகுனிந்தார். "சரி, வீட்டுக்காவது வா. உங்க அக்கா உன்னைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கா."

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லடா. இன்னும் இல்ல."

"அக்கா போன் பண்ணுச்சு மாமா. மாமா உன்னை எதுக்கு அனுப்பினாருன்னு கேட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. கல்லாவுல கை வெச்சியாடான்னு கேட்டுச்சு. அப்பவும் நான் ஒண்ணும் சொல்லல."

மாஸ்டர் எழுந்து அவன் கையைப் பிடிக்கப் போனார். கை ஈரமாக இருக்கிறது என்று அவன் விலக்கிக்கொண்டான். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "பாத்துப் போங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே மாஸ்டர் வீட்டில் சொன்னார். நானும் கூட இருந்தேன். காய்ச்சல், மூக்கு, பாட்டில்கள், கொட்டிய கேன், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, மூக்கு போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என் தம்பியை நான் திருடனான்னு கேட்டுட்டேனே" என்றாள். "எதுக்கு அனுப்பினீங்கன்னு சொல்லாம, நீங்க கேக்க வெச்சிட்டீங்களே."

அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மாஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.