மூன்று மாதம் வரை சொல்லக் கூடாது

பாஞ்சாலியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும், "அது வாயில்லாத பொம்பள" என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள். அந்தப் பாராட்டைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அதியமான்கோட்டையில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி உள்ளே இரண்டு மைல் போனால் அவள் ஊர். புருஷன் பெரியண்ணன் ரோட்டோரம் டயர் பஞ்சர் கடையில் வேலை. பிள்ளை குட்டி கிடையாது. இருந்தது ஒரே ஒரு மாடு. ஜெர்சி கலப்பு, நிறத்தால் செவலை என்று பெயர். மாடு என்று நாம் சொல்கிறோம். அவள் அதற்குத் தவிட்டைக் கரைத்து வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பாள். தன் சோறு ஆறிப்போகும்.

செவலை ஒரு கன்று போட்டதோடு சரி. பிறகு நாலு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. பால் வற்றிப் போய் ஏழெட்டு மாதமாகிவிட்டது. பெரியண்ணன் கெட்டவன் இல்லை, ஆனால் பொறுமை இல்லாதவன். "இன்னொரு தடவ பாப்பேன். அதுக்கும் நிக்கலன்னா வண்டி ஏத்திடுவேன்" என்று சொல்லிவிட்டான். வண்டி என்றால் எந்த வண்டி, அது எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் அது நடந்தது. ஏரிக்கரையில் மேய விட்டிருந்தபோது செவலை பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை எங்கிருந்தோ வந்தது. பாஞ்சாலி கயிற்றை இழுக்கவில்லை. சும்மா நின்றாள். காளை தன் வேலையை முடித்துவிட்டுப் போனதும் கோயில் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கோயில் காளைக்கு விட்டால் பால் மாடு பிறக்காது என்று பெரியண்ணன் ஏற்கனவே கறாராகச் சொல்லியிருந்தான். அந்தப் பயம் ஒன்று. ஆனால் பெரிய காரணம் அது இல்லை. மனுஷியோ மாடோ, மூன்று மாதம் முடியாமல் வயிற்றில் நின்றதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சொன்னால் கண் பட்டுவிடும். மற்றவர்களுக்கு அது வழக்கம், பாஞ்சாலிக்கு அது தழும்பு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நாள் தள்ளிப்போன சந்தோஷத்தில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். பதினைந்தாம் நாள் கலைந்துபோனது. "வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா நின்னிருக்கும்" என்றாள் மாமியார். அதன் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அன்றைக்கு மூடிய வாயைத்தான் ஊர் மெச்சிக்கொண்டிருந்தது.

சினை நிற்காத மாடு இருபத்தொரு நாள் கழித்து மறுபடி கத்தும்; செவலை கத்தவில்லை. பாஞ்சாலி விரல் விட்டு நாள் எண்ணத் தொடங்கினாள்.

இருபத்தாறாம் நாள், திங்கட்கிழமை, பால் சொசைட்டிக்கு முன்னால் முகாம். சினை பிடிக்காத மாடுகள் பத்தைச் சேர்த்து, ஊசி போட்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. சொசைட்டி செயலாளர் தீர்த்தகிரியிடம் பெரியண்ணன் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் அவளிடம் சொன்னான். "மாட்ட அவுத்துக்கிட்டு வா, மசமசன்னு நிக்காத." அவள் போய்ச் சேர்வதற்குள் மாட்டு டாக்டரம்மா கலைமணி முதலில் சொல்ல வேண்டிய விளக்கத்தையெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

டாக்டர் நல்ல மாதிரி. ஒவ்வொரு மாட்டையும் கம்பித் தடுப்புக்குள் விட்டு, முழங்கைக்கு மேல் வரும் உறையை மாட்டிக்கொண்டு, கையை விட்டுப் பார்த்தார். செவலையையும் பார்த்தார்.

"கர்ப்பப்பை நல்லா இருக்கு. சூலகமும் வேலை செய்யுது. ஒரு மாசத்துக்கு உள்ள சினையா இருந்தா கைக்குப் புடிபடாது, அதனால கேக்கறேன். ரெண்டு மாசத்துல ஊசி போட்டீங்களா? காளைக்கு விட்டீங்களா?"

"ஒண்ணியும் இல்லீங்க மேடம். நாலு மாசமா சும்மாத்தான் கெடக்குது" என்றான் பெரியண்ணன். அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான்.

டாக்டர் பாஞ்சாலியைப் பார்த்தார். "ஏம்மா, அப்படித்தானே?"

சுற்றி இருபது பேர். மூன்று மாதத்துக்கு இன்னும் அறுபத்து நாலு நாள் இருந்தது. பாஞ்சாலி தலையை ஆட்டினாள். சத்து ஊசி மாதிரி ஏதோ ஒன்று, போட்டுவிட்டுப் போகட்டும், சினை மாட்டை அது என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குப் போட்ட ஊசி உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. விதி அப்படித்தான் முதலில் ஆளைத் தைரியப்படுத்தும்.

டாக்டர் கணக்குச் சொன்னார். இன்றைக்கு ஒரு ஊசி. அடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்கு வேறு ஊசி. அதன் பிறகு புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலில் போட்டதே மறுபடியும். வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பத்து மாட்டுக்கும் சினை ஊசி. மாடு கத்தினாலும் கத்தாவிட்டாலும் நேரம் மட்டும் தவறக் கூடாது.

அடுத்த திங்கட்கிழமை செவலை மூன்றாவதாக நின்றது. தொடையில் ஊசி இறங்கியது. வாலைக்கூட ஆட்டவில்லை. பாஞ்சாலி ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

ஐந்தாவது மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவள் வெண்மதி, ஆறு மாதக் கர்ப்பிணி. டாக்டரின் தட்டிலிருந்து ஒரு மருந்துக் குப்பி உருண்டு விழப் போக, பிடிக்கக் கை நீட்டினாள். டாக்டர் சட்டென்று அவள் கையைத் தட்டிவிட்டார்.

"இத நீங்க தொடவே கூடாது. தள்ளிப் போய் நில்லுங்க. தோல்ல பட்டாலே உள்ள போயிடும்."

"ஏங்க மேடம், வெசமா?"

"வெசம் இல்லம்மா. சூலகத்துல ஒரு கட்டி இருக்கும். அது இருக்கறவரைக்கும் மாடு பருவத்துக்கு வராது. இந்த மருந்து அந்தக் கட்டியக் கரைச்சிடும். ஆனா சினையத் தாங்கிப் புடிக்கறதும் அதே கட்டிதான். சினை மாட்டுக்குப் போட்டா கலைஞ்சி கன்னு வீசிடும். அதுக்குத்தான் போன வாரம் ஒவ்வொருத்தரையா கேட்டது."

பாஞ்சாலி செவலையின் தொடையைத் திரும்பிப் பார்த்தாள். கயிறு கையிலிருந்து நழுவியதை அவள் உணரவில்லை. பத்து மாடும் முடிந்து டாக்டர் கை கழுவும்வரை நின்றாள். பிறகு பக்கத்தில் போனாள்.

"மேடம், போட்ட ஊசிய மறுபடி எடுக்க முடியுமாங்க?"

டாக்டர் சிரித்தார். "அதெப்படிம்மா எடுக்கறது? ஏன், என்னா விஷயம்?"

பெரியண்ணன் நாலு அடி தள்ளி தீர்த்தகிரியோடு பேசிக்கொண்டிருந்தான். பாஞ்சாலியின் தொண்டைவரை வந்தது. இத்தனை நாள் காப்பாற்றியது இப்போது சொன்னால் போய்விடும், சொல்லாவிட்டால் ஒருவேளை நின்றாலும் நிற்கும் என்று அந்தப் பாழாய்ப்போன மனசு கடைசியாக ஒரு கணக்குப் போட்டது.

"சும்மா கேட்டேனுங்க" என்றாள்.

செவ்வாய் முழுக்க ஒன்றும் இல்லை. அவள் இருக்கிற சாமிகளுக்கெல்லாம் வேண்டினாள். புதன் காலை தொழுவத்துக்குப் போனபோது செவலை படுத்திருந்த இடத்தில் வழவழப்பாகக் கொஞ்சம் கிடந்தது. அதில் நூல் நூலாகச் சிவப்பு, நடுவில் விரல் நீளத்துக்கு வெள்ளைச் சவ்வு. வேறு யாராவது பார்த்திருந்தால் சாணத்தோடு சேர்த்து அள்ளியிருப்பார்கள். கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது வழக்கம். இதை எங்கே கட்டுவது? வாழையடியில் கையாலேயே பள்ளம் பறித்துப் புதைத்தாள். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மாட்டின் வாலையும் கழுவினாள். கழுவிக்கொண்டே அழுதாள். செவலை திரும்பி அவள் தோளை நக்கியது.

மத்தியானம் செவலை ஊரே கேட்கக் கத்தியது. பெரியண்ணன் கடையிலிருந்து சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றான். "பாத்தியா, ஊசி வேலை செய்யுது. நீ என்னமோ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டிருந்தியே."

சாயங்காலம் ஐந்து மணி ஊசி தவறவில்லை. வியாழன் காலை டாக்டர் நைட்ரஜன் கேனிலிருந்து ஒவ்வொரு விந்துக் குழலாக எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, துடைத்து, குழாயில் ஏற்றி உள்ளே செலுத்தினார். செவலையின் முறை வந்தபோது நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"பத்துல இதுதான் நல்லா வந்திருக்கு. இந்த மாட்டுக்கார அம்மா நல்லா பாத்துக்கறாங்க."

எல்லோரும் பாஞ்சாலியைப் பார்த்தார்கள். பெரியண்ணன் பெருமையாகத் துண்டை உதறித் தோளில் போட்டான். பாஞ்சாலி மாட்டின் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அறுபது நாள் கழித்து டாக்டர் சினை பார்க்க வந்தார். பத்தில் நாலு நின்றிருந்தது. இந்த முறையில் அவ்வளவு நிற்பதே நல்ல பலன் என்றார். செவலைக்குள் கையை விட்டு அதிக நேரம் தேடினார். பிறகு கையை எடுத்து, உறையை உருவிக்கொண்டே தலையை ஆட்டினார். "இல்லம்மா. வெறுமையாத்தான் இருக்கு. இன்னொரு தடவ பாக்கலாம்."

"போதுங்க மேடம்" என்றான் பெரியண்ணன். போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். யாரிடம் பேசப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் பாஞ்சாலி டாக்டரிடம் வாயைத் திறந்தாள். ஏரிக்கரையை, காளையை, வாழையடியைச் சொன்னாள். சத்தம் போடாமல், குனிந்தபடி, ஒன்று விடாமல் சொன்னாள். கலைமணி கையில் சோப்பு நுரையோடு அவள் பக்கம் திரும்பினார்.

"ஊசி போட்ட அன்னிக்கு எங்கிட்ட வந்து கேட்டீங்களே, எடுக்க முடியுமான்னு."

"ஆமாங்க."

"அப்பவே சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்து கலையாம நிறுத்தப் பாத்திருக்கலாமே. நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. முயற்சியாவது செஞ்சிருக்கலாம்." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று டாக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏம்மா சொல்லல?"

"மூணு மாசம் ஆவலீங்களே" என்றாள் பாஞ்சாலி.

வண்டி மறுநாள் மத்தியானம் வந்தது. செவலை ஏற மறுத்தது. பாஞ்சாலி பலகைக்கு முன்னால் போய் நின்று "வா" என்றதும் அவள் பின்னாலேயே ஏறிவிட்டது. வண்டிக்காரன் கயிற்றில் அதைக் கட்டிவிட்டு, தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவள் மட்டும் இறங்கினாள்.

ஊர்முனையில் குள்ளம்மாள் எதிர்ப்பட்டாள். அவள் மாடு சினை நின்ற நாலில் ஒன்று. "ஏ பாஞ்சாலி, உம் மாடுதான் நல்லா வந்துச்சின்னு டாக்டரம்மா சொன்னாங்களே. என்னா ஆச்சு?"

காளை ஏறி மூன்று மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். பாஞ்சாலி வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.