நாலு மணிக்குப் போட்ட டிக்

எங்கள் முதல் குழந்தை எட்டாவது மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோ ஐந்நூற்று ஐம்பது கிராம். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு வாரம் இருந்தாள். பிறகு நூறு கிராம் கூடியது, பாலும் சப்பத் தொடங்கினாள் என்று சொல்லி எங்களை ஆவடிக்கு அனுப்பத் தயாரானார்கள். தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆஸ்பத்திரிக்கு வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. இவ்வளவு சின்ன உடம்பை வீட்டில் எதை வைத்துச் சூடாக வைப்பது என்று நான் கேட்டதற்கு, அந்த வார்டு நர்ஸ் என் சட்டையைக் காட்டினார்.

"அத்த கழட்டு. உன் மாரு இன்னாத்துக்கு கீது?"

அதற்குக் கங்காரு முறை என்று பெயர் சொன்னார். துணிப் பொம்மை ஒன்றை வைத்து என் மனைவிக்கும் எனக்கும் முக்கால் மணி நேரம் வகுப்பு நடந்தது. குழந்தைக்கு நாப்கின், குல்லா, காலுறை மட்டும். வேறு துணி கூடாது. பெரியவர் மார்பின் நடுவில் நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, முகவாய் லேசாக மேலே தூக்கியிருக்க வேண்டும். கைகள் மடங்கியும், கால்கள் தவளையைப் போல அகன்று மடங்கியும் இருக்க வேண்டும். பிறகு நீளமான பருத்தித் துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காது மட்டத்துக்கு வர வேண்டும். நாம் எழுந்து நின்றாலும் குழந்தை நழுவாத இறுக்கம், ஆனால் அதன் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்க இடமிருக்க வேண்டும். நாம் மல்லாந்தும் படுக்கக் கூடாது, நெட்டுக்குத்தாகவும் உட்காரக் கூடாது. பாதி சாய்ந்த வாக்கில் இருக்க வேண்டும்.

"ஒரு தபா வெச்சா ஒரு மணி நேரத்துக்கு எடுக்கக் கூடாது. எடுத்து எடுத்து வெச்சா கொயந்தைக்கு அலுப்பு. ஒரு நாளைக்கு எத்தினி மணி நேரம் முடியுதோ அத்தினி நேரம். ரெண்டரை கிலோ வர்ற வரைக்கும், இல்லாங்காட்டி அதுவே ஒதச்சிகினு வெளிய வர்ற வரைக்கும். அம்மா அலுத்துப் போச்சுன்னா அப்பா."

கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம். சாய்ந்தபடி நாம் தூங்கிவிடக் கூடாது. அரை மணிக்கு ஒரு தரம் விளிம்பை விலக்கிப் பார்க்க வேண்டும். கழுத்து மடியாமல் இருக்கிறதா, மூக்கும் வாயும் மூடாமல் இருக்கின்றனவா, உதடு சிவப்பாக இருக்கிறதா, மூச்சு ஒரே சீராக வருகிறதா, பாதம் தொட்டால் சூடாக இருக்கிறதா. இந்த அளவுக் குழந்தைக்குக் கழுத்து மடிந்தால் மூச்சு அடைத்துவிடும், செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூப் மடிந்ததுபோல என்று பொம்மையின் தலையைக் குனிய வைத்துக் காட்டினார். நீலம் பாரித்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, பாதம் சில்லென்று ஆனாலோ யோசிக்காமல் இங்கே வந்துவிட வேண்டும்.

என் மனைவி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நான் மனதுக்குள் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அது என் தொழில் புத்தி.

நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் உலைப் பிரிவில் இருந்தேன். இரும்பைச் சூடேற்றி ஆற வைக்கும் இடம். அரை மணிக்கு ஒரு முறை உலையின் சூட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை. குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்றே ஒரு நீள நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இடது ஓரத்தில் அரை மணிக் கணக்கில் நேரம். மேலே கழுத்து, மூக்கு, உதடு, மூச்சு, பாதம் என்று ஐந்து தலைப்பு. கடைசியில் பாலுக்கு ஒரு பத்தி. என் மனைவி பூந்தமல்லிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, புள்ளைய ஃபேக்டரிக்கே சேத்துட்டீங்களா?"

கிண்டல் செய்தாளே தவிர, தன் முறையில் ஒரு டிக்கைக்கூட அவள் விட்டதில்லை.

முறை இப்படி ஓடியது. நாளின் பெரும்பகுதி குழந்தை அவளிடம். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்காருவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். சப்பிக் களைத்துப்போனால் மீதியைப் பிழிந்து பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பாள். எனக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் வீடு வந்து, சோப்புப் போட்டுக் குளித்து, சாப்பிட்டுவிட்டு மூன்றிலிருந்து ஐந்து வரை நான். பகலில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்குத் தூக்கம். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, "ஆம்பள மாருல புள்ளையா? இன்னா கருமமோ" என்று சொல்லிப் போனார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் நெஞ்சின்மேல் அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவது பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாளா பத்தாம் நாளா என்று ஞாபகமில்லை. அன்று கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன். கட்டு வயிற்றைப் பிடித்தது. முடிச்சை ஒரு விரல் அளவு தளர்த்திக்கொண்டேன். மூன்று மணிக்குப் பார்த்தேன். கழுத்து நேராக இருந்தது, உதடு சிவப்பு, பாதம் சூடு. ஐந்து டிக் போட்டேன். இருபது நிமிஷம் போயிருக்கும். பேப்பரில் ஒரு செய்தியில் ஆழ்ந்திருந்தேன். அதை நிறுத்த மனமில்லாமல், மூன்றரைக்கும் நாலுக்கும் சேர்த்தே டிக் போட்டுவிட்டேன்.

இது எங்கள் பிரிவில் எல்லோரும் செய்வதுதான். டீ வண்டி வரும்போதும், சங்கு ஊதப் போகும்போதும் அடுத்த அளவை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். அந்தப் பெரிய உலை அரை மணியில் ஐந்து டிகிரிகூட நகராது. எழுதியதும் இருந்ததும் ஒன்றாகவே இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அது என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

டிக் போட, சாய்வு நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து பக்கத்து ஸ்டூலை எட்டினேன். தளர்ந்த கட்டுக்குள் குழந்தை நழுவியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. மறுபடி சாய்ந்து பேப்பரைப் பிரித்தேன்.

பால் கட்டி மார் வலித்ததால் மனைவி நேரத்துக்கு முன்பே எழுந்து வந்தாள். கடைசிப் பால் எப்போது என்று பார்க்க நோட்டைக் கையில் எடுத்தாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என் மார்பின்மேல் துணி விளிம்பை விலக்கினாள். காது மட்டத்தில் இருக்க வேண்டிய விளிம்பு குல்லாவுக்கு மேலே இருந்தது. முகவாய் நெஞ்சில் படிந்து கிடந்தது. உதட்டைச் சுற்றி நாவல் பழம் தின்ற நிறம்.

அவள் துணியை இழுத்து அவிழ்த்தாள். தலையைப் பிடித்துக் கழுத்தை நேராக்கினாள். முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைத் தேய்த்தாள். நான் மார்பில் ஒன்றுமில்லாமல், கையைக் காற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை நொடி என்று தெரியாது. பிறகு குழந்தை ஒரு இழுப்பு இழுத்தது. இன்னொன்று. அதன் பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை வந்தது. நீலம் உதட்டிலிருந்து மெதுவாகக் கரைந்து போனது.

குழந்தையைத் தன் மார்பில் கட்டிக்கொண்டே ஆட்டோவில் வந்தாள். வழியெல்லாம் இரண்டு விரலை அதன் மூக்கடியில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். சோதித்துப் பார்த்து, ஒரு நாள் வைத்திருந்து கவனிப்போம் என்றார்கள். நர்ஸ் என்னிடம் நேராகக் கேட்டார்.

"கடைசியா எப்போ பாத்தே?"

"மூணரைக்கு" என்றேன். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவள் குல்லாவைச் சரிசெய்தாள்.

"அஞ்சு நிமிசத்துல நயுவிருக்கும். கட்டு லூசு" என்றார் நர்ஸ். நான் கொண்டுபோயிருந்த நோட்டைப் புரட்டினார். "இந்த மாதிரி ஒருத்தரும் எய்தி வெச்சி நான் பாத்ததில்ல. மத்த அப்பனுங்களுக்குக் காட்டணும்."

அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் கூசுகிறது.

மறுநாள், மூச்சு சீராக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு வாரம் என் மனைவி குழந்தையை என்னிடம் தரவில்லை. தர மாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்று மணிக்கு நான் குளித்துச் சட்டையில்லாமல் வந்து நிற்பேன். "நீங்க படுத்துக்கோங்க, எனக்கு தூக்கம் வர்ல" என்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. ஒரு நாள் சாய்ந்தபடியே கண்ணை மூடித் திடுக்கிட்டு விழித்தாள். மறுநாள் மூன்று மணிக்குத் துணியை அவளே அவிழ்த்தாள்.

"எடுத்துக்கோங்க. நான் தூங்கிட்டேன்னா அது இன்னும் மோசம்."

அவளே கட்டினாள். முடிச்சை இறுக்கி, விளிம்பைக் காது மட்டத்தில் நிறுத்தி, என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தது பால் பத்தியை மட்டும்தான் என்று நம்பியிருந்தேன். மெதுவாகப் பின்னால் புரட்டினேன். மூன்றரைக்கு ஐந்து டிக். நாலு மணிக்கு ஐந்து டிக். அந்த வரிசையின் ஓரத்தில், அவளுடைய குண்டு எழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: "நான் எழுந்து வந்தபோது மணி 3.35."

அப்படியானால், ஆஸ்பத்திரியில் நான் பொய் சொன்னபோது அவளுக்குத் தெரியும். நர்ஸ் என்னைப் பாராட்டியபோதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் இப்போது குழந்தையை என் மார்பில் வைத்து, தன் கையால் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவமானத்தில் அழுதேன், குழந்தை அசையாதபடி.

உள்ளிருந்து அவள் குரல் வந்தது. தூங்கவில்லை.

"மணி இன்னாங்க?"

"மூணு முப்பது."

"பாத்தீங்களா?"

பார்த்தாயிற்று என்று வாய்வரை வந்துவிட்டது. நோட்டைக் கீழே வைத்தேன். துணியின் விளிம்பை விலக்கி முகவாய் நிமிர்ந்திருப்பதைப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். பாதத்தைத் தொட்டேன். மூச்சு என் தோலில் பட்டுப் பட்டு விலகுவதை இருபது வரை எண்ணினேன். அதுவரை அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"இப்பத்தான் பாத்தேன்" என்றேன்.