நியாஸ் பாயின் ஐம்பத்தைந்தும் பூஜ்யமும்

கும்மிடிப்பூண்டி பஜாரில் நியாஸ் பாயைத் தெரியாதவர்கள் இருக்கலாம். எனக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முப்பத்திமூன்று வயசு. பழவேற்காட்டுக் கடைக்காரக் குடும்பம். எலும்பு வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபி கிளினிக்குக்கு நேர் மாடியில் கேம் சென்டர் வைத்திருக்கிறார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். நான் அதற்கு நேர் எதிர்.

என் பேர் ராஜவேலு. இருபத்திரண்டு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறேன். சிப்காட்டில் இரும்புத் தகட்டைச் சுருட்டின காயில்களை ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற வேலை. போன வருஷம் காயிலுக்குச் சங்கிலி இறுக்கும்போது லீவர் கம்பி கையை விட்டு எகிறி, வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு ரெண்டாகி, உள்ளே பிளேட் வைத்தார்கள். நாலு மாசத்தில் எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். கூடியது எலும்பு மட்டும்தான். கை எதைப் பிடித்தாலும் நடுங்கியது. கம்பெனியில் ஆறு வாரம் டைம் கொடுத்தார்கள். சேஃப்டி ஆபீசர் வீரராகவன் முன்னால் யார்டில் டிரெய்லரை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் வண்டி, இல்லையென்றால் கேட்டில் வாட்ச்மேன் உத்தியோகம். லாரி ஓட்டினவனைக் கேட்டில் உட்கார வைத்து, போகிற வருகிற லாரியை எண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்?

கிளினிக்கில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மாடியிலிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. சண்டை போடத்தான் ஏறினேன். அங்கே ஒரு இரும்பு ஃபிரேமில் சீட்டு, எதிரே ஸ்டியரிங், கீழே மூணு பெடல். திரையில் ஏதோ ஒரு குளிர்நாட்டு ரோட்டில் டிரெய்லர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. சண்டையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நியாஸ் என் மணிக்கட்டில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார்.

"டிரைவரா ணா?"

"இருந்தேன்."

"உக்காருங்க. சும்மா பிடிச்சுப் பாருங்க."

"பொம்மை ஸ்டியரிங்கைப் பிடிச்சு நான் இன்னா பண்ணப்போறேன் பாய்," என்றேன். சொல்லிக்கொண்டே உட்கார்ந்தும் விட்டேன்.

பொம்மை என்று சொன்னது தப்பு. முதல் வளைவில் சக்கரம் ரோட்டோரக் கல்லில் ஏறியதும் ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கியது. உள்ளே இருக்கிற மோட்டார்தான் இழுக்கிறது. ரோட்டில் சக்கரத்துக்கு என்ன நடக்கிறதோ அதைக் கையில் காட்டுவதற்குப் பேர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்றார் நியாஸ். காட்டட்டும், எனக்கென்ன? எனக்கு லீவர் எகிறின நாள் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கை அப்படியே விட்டுவிட்டேன். லாரி பள்ளத்தில் சாய்ந்தது.

நான் எழுந்திருக்கப் போனேன். அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து, எண்பதில் இருந்த ஸ்டியரிங் இழுப்பின் பலத்தை முப்பதுக்கு இறக்கினார். பிறகு இன்னொரு இடத்திலும் ஏதோ மாற்றினார். அதை நான் கேட்கவில்லை.

"இப்ப ஓட்டுங்க. கையில பூ மாதிரி கீது பாருங்க."

இருந்தது. லாரி நேராகப் போனது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கிளினிக் முடிந்ததும் மாடிக்கு ஏறினேன். இரண்டு வாரம் ஒரு தடுமாற்றமும் இல்லை. வீட்டுக்குப் போய் என் மனைவி சின்னப்பொண்ணுவிடம் கை சரியாகிவிட்டது என்று பெருமையடித்துக்கொண்டேன். ஸ்டியரிங்கை நடுவிலிருந்து கொஞ்சம் ஆட்டினாலும் லாரி அசையவில்லை. அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. பழைய வண்டியில் ஸ்டியரிங் அப்படித்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமும் நான் அந்த ஆட்டத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன். இந்த விளையாட்டு வண்டியும் பழசுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

"பாய், முப்பதுல்லாம் கொயந்தைங்களுக்கு. நான் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியே ஓட்டினவன். நூறு வைங்க."

"நூறு வச்சா கனமா இருக்கும். ஆனா ஒண்ணும் தெரியாது ணா."

"வைங்கன்றேன்."

வைத்தார். எங்கள் ஊர் எருமையைக் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி இருந்தது. சிமெண்ட் ரோட்டுக்கும் மண்ணுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சின்னப் பள்ளத்துக்கும் அதே முரடு, பெரிய பள்ளத்துக்கும் அதே முரடு. திரையின் ஓரத்தில் ஒரு கோடு மேலே முட்டிச் சிவப்பாகவே நின்றது. அதைத்தான் நியாஸ் விரலால் காட்டினார்.

"மோட்டாரால முடிஞ்சது அவ்ளோதான். அதுக்கு மேல வர்றதெல்லாம் ஒரே அளவா வெட்டிப் போயிடும். எது சின்னது, எது பெரிசுன்னு அதால சொல்ல முடியாது. கத்திக்கினே இருக்கறவன் பேச்சு புரியாது இல்ல, அந்த மாதிரி."

கடைசி வரி எனக்கா, மோட்டாருக்கா என்று தெரியவில்லை. ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்தார். கோடு இப்போது ஏறியும் இறங்கியும் வந்தது, பெரிய பள்ளத்தில் மட்டும் ஒரு நொடி சிவந்தது. கல், மண், தார் மூன்றும் கையில் தனித்தனியாக வந்தன. மணிக்கட்டும் தாங்கியது. நான் சந்தோஷத்தில் அவர் முதுகில் தட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். டெஸ்டுக்கு எந்த வண்டி?"

"புது வண்டி. போன மாசம் வந்தது."

"ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்குமா?"

"புது வண்டில ஏது? மயிரிழை அசைச்சா திரும்பும்."

அவர் திரையில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தார். பிறகு சொன்னார். முதல் நாளே என் கை நடுங்குவதைப் பார்த்து, ஸ்டியரிங்குக்கு டெட்ஜோன் என்று ஒன்றைப் பத்தாக வைத்தாராம். நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் அந்தத் தூரம் வரைக்கும் ஸ்டியரிங் திரும்பினாலும் லாரியின் சக்கரம் திரும்பாது. என் நடுக்கமெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

"நீங்க பயந்து எழுந்து போயிடுவீங்கன்னுதான் வச்சேன். நடுக்கம் போவல ணா. நான் மறைச்சு வச்சிக்கினு இருந்தேன். இன்னும் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

டெட்ஜோனைப் பூஜ்யத்துக்கு இறக்கினார். நான் பிடித்தேன். நேர் ரோட்டில் லாரி பாம்பு போல நெளிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்னை வச்சு விளையாடினியா நீ?" என்று கத்திவிட்டு இறங்கிவந்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. சின்னப்பொண்ணு எல்லாவற்றையும் கேட்டாள்.

"கை சரியாயிடுச்சுன்னு நீ சொன்ன. சரியாவலன்னு அவரு சொன்னாரு. ரெண்டு பேர்ல யாரு மேல கோவப்படணும்?"

நாலாம் நாள் மறுபடி மாடிக்கு ஏறினேன். நியாஸ் தனியாகத் திரையில் ஒரு காரை ஓட்டிக்கொண்டிருந்தார். வேகத்தை ஸ்டியரிங்கிலிருந்த பட்டனால் கொடுத்தார், வலது காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே இருந்தார், ஆனால் கார் சீறிப் போனது. எனக்குப் புரியவில்லை.

"பைக் ஆக்சிடென்ட் ணா, ஏழு வருஷம் ஆச்சு. கணுக்கால் மடங்காது. பாதம் பெடல் மேல விழுந்தே கிடக்கும். பிரேக்குக்கு இருபத்தஞ்சு டெட்ஜோன் வச்சிருக்கேன். அவ்ளோ தூரம் அமுங்கினாலும் பிரேக் பிடிக்காது. அத தாண்டி அமுக்கினாதான் பிடிக்கும்." அவர் இறங்கி எனக்குச் சீட்டைக் கொடுத்தார். "எனக்கு இது இருக்கலாம். நான் ரோட்டுக்குப் போவப்போறதில்ல. நீங்க போவணும்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். கேட்கத் தெரியவில்லை. "பூஜ்யமே வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த பத்து நாள் எனக்கும் அந்த நடுக்கத்துக்கும் நேருக்கு நேர் மல்லுக்கட்டு. லாரி நெளியும், நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன், இன்னும் நெளியும். நியாஸ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் முழங்கை நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் சொன்னார்.

"கை பலவீனமா இருக்கறதால நடுங்கல. எகிறிடும்னு பயந்து இறுக்கறீங்க, அதான். கொஞ்சம் தளத்திப் பிடிங்க. சக்கரம் தானா நேருக்கு வரும், அந்த இழுப்பு உங்க கைக்கு வரும். நீங்க அது கூடப் போனா போதும்."

தளர்த்தினேன். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் மெதுவாக என் விரல்களுக்கு நடுவே தானே திரும்பி நேருக்கு வந்து நின்றது. லாரி நெளியவில்லை. இருபத்திரண்டு வருஷம் தினமும் செய்த காரியம்தான். ஒரு லீவர் அடித்ததில் மறந்து போயிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நியாஸ் எழுந்து டீ சொல்லப் போய்விட்டார்.

டெஸ்ட் அன்று யார்டில் வீரராகவன் சார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். புது வண்டி, பின்னால் பதினெட்டு டன் காயில். முதல் நேர் ஓட்டம் கோடு போட்ட மாதிரிப் போனது. எடைமேடைக்கு முன்னால் சிமெண்ட் பெயர்ந்த ஒரு பள்ளம் இருந்தது. இடது கை கியரில் இருந்தது, ஸ்டியரிங்கில் வலது கை மட்டும். டயர் இறங்கியதும் ஸ்டியரிங் படக்கென்று இழுத்தது. எகிறப்போகிறது என்று மனசு சொன்னது. இவ்வளவுதான், இது ஐம்பத்தைந்து என்று கை சொன்னது. அது கூடவே போய்த் திரும்பி வந்தேன். ரிவர்ஸில் ஷெட்டுக்குள் ஏற்றி நிறுத்தினேன். வீரராகவன் சார் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "திங்கக்கிழமையிலருந்து வாங்க" என்றார்.

முதல் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி டிரெய்லரைப் பைபாஸ் ஓரத்தில் லாரிகள் நிற்கிற இடத்தில் நிறுத்தி, நியாஸுக்குப் போன் பண்ணினேன். ஷேர் ஆட்டோவில் வந்தார். கேபின் படி உயரம். இடுப்பைப் பிடித்து ஏற்றி, டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். இன்ஜினை ஓடவிட்டுத்தான் வைத்திருந்தேன், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் நிஜ வண்டியின் ஸ்டியரிங் பின்னால் உட்காருகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். "பாய், நீங்க இல்லன்னா நான் இன்னிக்கு கேட்ல நின்னுக்கினு இருப்பேன். கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க."

அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இன்ஜின் அதிர்வு அவர் கை வழியாகத் தோள் வரைக்கும் போவது எனக்கே தெரிந்தது.

"அண்ணா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "இந்த அதிர்வை நான் கேம்ல நாலுதான் வச்சிருக்கேன். தப்பு. பத்து வைக்கணும்."

"இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சுப் பாத்துட்டு வைங்க," என்றேன். ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்தபடி, அவர் இறங்குகிறேன் என்று சொல்லும் வரைக்கும் படியிலேயே நின்றேன்.